வளர்மதியின் கட்டுரை மேல் விழுந்த சந்தேகம்

வளர்மதியின் வாழ்க்கையில் என் பங்கு ஒரே ஒரு கையெழுத்து. அதைப் போடுவதற்கு எனக்கு மூன்று வினாடி ஆகியிருக்கும். அவருடைய எட்டு வருடம் அதில் போயிற்று.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், யார்மேல் கோபப்பட வேண்டும் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும் இல்லையா. என் பெயர் ஜெயராமன். ஈரோட்டுப் பக்கத்திலிருந்து சுரங்க வேலைக்கு வந்த குடும்பம். நான் மண்ணுக்குள் இறங்காமல் மண்ணைப் பற்றிப் பாடம் நடத்திப் பிழைத்தவன். புவியியல் பேராசிரியராக ஓய்வு பெற்றபின், சுரங்கப் பகுதி நிலத்தடி நீர் குறித்து ஆங்கிலத்தில் வரும் ஒரு சிறிய காலாண்டிதழுக்கு ஆசிரியராக இருக்கிறேன். சுரங்க ஊழியர் டவுன்ஷிப்பில் ஒரு கல்லூரி நூலகத்தின் பின்னால் ஓர் அறை, இரண்டு பீரோ, ஒரு கணினி, ஓர் உதவியாளர். சம்பளம் கிடையாது. அதனாலேயே எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. என் மனைவி தனபாக்கியம், "ஓசியில செய்யற வேலைக்கு இவ்வளவு அதிகாரமா?" என்று கேட்பாள்.

வளர்மதி கம்மாபுரம் பக்கம். அப்பா ராஜாங்கமும் அம்மா வீராயியும் அடுத்தவர் நிலத்தில் நடவும் அறுப்பும் செய்தவர்கள். அந்த நிலங்கள் சுரங்கத்துக்குப் போனபோது நிலக்காரர்களுக்கு நஷ்ட ஈடு வந்தது, வேலை கேட்க உரிமை வந்தது. கூலிக்காரருக்கு என்ன வரும்? ராஜாங்கம் கான்ட்ராக்டில் மண் அள்ளப் போனார். அந்த வருமானத்தில் மகளை விருத்தாசலத்துக்கு பஸ் ஏற்றி வேதியியலில் எம்.எஸ்ஸி. வரை படிக்க வைத்தார். இருபத்தைந்து வயதில் வளர்மதி ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியின் தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். பதின்மூன்று வருடம் அங்கேயே இருந்தார். பர்மனென்ட் என்ற சொல்லை அவர் மற்றவர்கள் பேசிக் கேட்டதோடு சரி.

அங்கே மூன்று ஷிப்ட். குழாயிலும் கிணற்றிலும் தண்ணீர் எடுத்து, சோதித்து, எண்களைப் பதிவேட்டில் எழுதி, கீழே நாலு வரி ஆங்கிலத்தில் குறிப்பு எழுத வேண்டும். அவர் வாழ்க்கையில் எழுதிய ஆங்கிலம் முழுவதும் அந்தக் குறிப்புகள்தான். வேலையோடு சேர்த்துப் பகுதிநேர பிஎச்.டி.க்குப் பதிவு செய்தார். ஷிப்ட் இல்லாத நாட்களில் சைக்கிளில் போய்ச் சுற்றுவட்டார ஊர்களில் இருபத்திரண்டு கிணறுகளில் தண்ணீர் எடுத்தார். ஆறு வருடம், ஒவ்வொரு மாதமும். மழைக்குப் பிறகு எல்லாக் கிணற்றிலும் உப்பு குறைகிறபோது இரண்டு கிணறுகளில் மட்டும் ஏன் குறையவில்லை என்பதுதான் அவர் கேள்வி. கல்யாணப் பேச்சு மூன்று முறை வந்து, "பொண்ணு இன்னும் படிச்சிகினு இருக்குதா?" என்ற கேள்வியோடு மூன்று முறையும் திரும்பிப் போனது.

பல்கலைக்கழக விதிப்படி, ஓர் ஆய்விதழ் அவர் கட்டுரையை ஏற்றுக்கொண்டால்தான் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியும். பதிவு செய்து எட்டு வருடம் ஆகி, இரண்டு முறை கால நீட்டிப்பும் வாங்கிவிட்டார். மூன்றாவது கிடையாது. மார்ச் முப்பத்தொன்றுதான் கடைசி நாள். அதற்குள் நாங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் பதிவு ரத்து.

கட்டுரை செப்டம்பரில் எங்களிடம் வந்தது. போடலாமா என்று படித்துச் சொல்ல இரண்டு மதிப்பாய்வாளர்களுக்கு அனுப்பினேன். முதலாமவர் டிசம்பரில், சில்லறைத் திருத்தங்களோடு போடலாம் என்று எழுதினார். இரண்டாமவர் பெரிய ஆள், வேறு மாநிலத்தில் இருக்கிறவர். ஜனவரி கடைசியில் அவரிடமிருந்து அறிக்கை வந்தது. இதழாசிரியருக்கு மட்டும் என்ற பெட்டியில் இப்படி எழுதியிருந்தார்: இதை மனிதர் எழுதியதாகத் தெரியவில்லை. எல்லாப் பத்தியும் ஒரே அளவு, ஒரே நடை. சோதித்துப் பார்த்ததில் எண்பத்தேழு சதவீதம் இயந்திரம் என்று வருகிறது. மேற்கோள் பட்டியலில் பதினான்காவது எங்கே தேடியும் கிடைக்கவில்லை. நிராகரிக்கலாம்.

அவர் செய்ததில் ஒன்று சரி. சந்தேகம் வந்தால் ஆசிரியரிடம், ஆசிரியரிடம் மட்டும், சொல்ல வேண்டும். சொன்னார். அதற்குப் பிறகு நடக்க வேண்டியதெல்லாம் என் வேலை.

நான் என்ன செய்தேன்? அந்த மாதத்தில் ஏற்கெனவே இரண்டு போலிக் கட்டுரைகள் வந்து என் ரத்தம் கொதித்துக்கொண்டிருந்தது. அதில் ஒன்றில் நானே எழுதாத என் கட்டுரையை மேற்கோள் காட்டியிருந்தார்கள். எண்பத்தேழு என்ற எண்ணைப் பார்த்ததும் மூக்குக்கு மேல் கோபம் வந்தது. உதவியாளர் மருதாசலத்தைக் கூப்பிட்டு வாயால் சொல்லச் சொல்ல அடிக்கச் சொன்னேன். "தங்கள் கட்டுரை செயற்கை நுண்ணறிவால் எழுதப்பட்டது என மதிப்பாய்வில் தெரியவந்துள்ளது. பதினைந்து நாட்களுக்குள் விளக்கம் தருக." சந்தேகம் என்ற சொல்லே அதில் இல்லை. தீர்ப்பை முதலில் எழுதிவிட்டு விளக்கம் கேட்டேன்.

மருதாசலம் சுரங்க அலுவலகத்தில் முப்பது வருடம் டைப்பிஸ்ட்டாக இருந்தவர். அவர் அறிந்த ஒரே மரபு, கோப்பில் கையெழுத்துப் போட்ட எல்லாருக்கும் நகல் போக வேண்டும் என்பது. வளர்மதியின் கோப்பில் மூன்று கையெழுத்து இருந்தது. அவருடையது, அவர் நெறியாளரும் கட்டுரையைச் சேர்ந்து எழுதியவருமான பேராசிரியர் நெடுமாறனுடையது, பரிசோதனைக் கூடத்தைப் பயன்படுத்த ஆட்சேபனை இல்லை என்று கடிதம் கொடுத்த கான்ட்ராக்ட் கம்பெனி மேனேஜருடையது. மூன்று பேருக்கும் கடிதம் போனது. நெடுமாறனுக்குப் போனது முறைதான், கட்டுரையில் பெயர் உள்ளவர். மேனேஜருக்கும் கட்டுரைக்கும் என்ன சம்பந்தம்? பக்கத்தின் அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் பிப்ரவரி மூன்றாம் தேதி கையெழுத்துப் போட்டேன்.

நான்கு நாளில் வளர்மதியின் பதில் வந்தது. இரண்டே வரி. நானே எழுதினேன், எந்த விளக்கம் வேண்டுமானாலும் நேரில் தருகிறேன் என்று. மாட்டிக்கொண்டவர்கள் எல்லாரும் இதைத்தானே சொல்வார்கள் என்று நினைத்து அதை மேசை இழுப்பறையில் போட்டேன்.

மார்ச் ஒன்பதாம் தேதி காலை அவர் நேரில் வந்தார். உயரம் குறைவான, வெயிலில் கருத்த பெண். கையில் கனமான கட்டைப்பை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"சார், நான்தான் வளர்மதி. என் லெட்டருக்கு நீங்க ஒண்ணும் சொல்லலைங்க. அதான் வந்தேன்."

"என்னம்மா சொல்றது? ரிவ்யூவர் தெளிவா எழுதிட்டாரு."

"எந்த வரின்னு சொன்னாருங்களா?"

மதிப்பாய்வாளர் எந்த வரியையும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

"கம்பெனில என்னை நிறுத்திட்டாங்க சார்," என்றார் வளர்மதி. குரலில் அழுகை இல்லை. வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வது போலச் சொன்னார். "உங்க லெட்டர் மேனேஜர் டேபிள்ல இருந்துச்சு. பொய் ரிப்போர்ட் எழுதுற ஆளை லேப்ல வச்சிகினு இருந்தா எங்க டெண்டர் என்னாவும்னு கேட்டாரு. கேட் பாஸை வாங்கிகினாரு. எங்க கைடு, க்ளியர் ஆவட்டும்மா, அப்புறம் கையெழுத்துப் போடறேங்கறாரு. இன்னும் இருபத்திரண்டு நாள்தாங்க இருக்குது."

நான் கோப்பைப் புரட்டினேன். கடைசிப் பக்கத்தின் அடியில் மூன்று நகல் வரிகள் இருந்தன, கீழே என் கையெழுத்து. பக்கத்து மேசையில் இருந்த மருதாசலம், "முறைப்படிதான் சார் போட்டேன்," என்றார். அவரைத் திட்ட வாயெடுத்தேன். எந்த முகத்தோடு திட்டுவது? அவர் டைப் அடித்தார். கையெழுத்துப் போட்டது நான்.

வளர்மதி பையிலிருந்து நோட்டுகளை எடுத்து மேசையில் அடுக்கினார். பள்ளிக்கூட நோட்டு, டைரி, காலண்டர் பின்பக்கம் தைத்தது. பதிவேட்டில் தப்பு வரக்கூடாது என்பதற்காக, ஒவ்வொரு ஷிப்டிலும் ஆங்கிலக் குறிப்பை முதலில் இந்த நோட்டில் எழுதிப் பார்த்திருக்கிறார். நடுவிலிருந்து ஒன்றைப் பிரித்தேன். பத்து வருடத்துக்கு முந்தைய தேதி. இப்படி எழுதும் கருவிகள் யார் கைக்கும் வராத காலம். குறிப்பு நாலு வரி. மதிப்பு வரம்புக்குள் உள்ளதாகக் கவனிக்கப்பட்டது, எனினும் போக்கு கவனத்தில் கொள்ளத்தக்கது, மேல் நடவடிக்கை தேவையில்லை. கட்டுரையை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே நடை, அதே நாலு வரி, அதே "எனினும்". பதின்மூன்று வருடம் ஒரே அச்சில் எழுதச் சொல்லி ஒரு பெண்ணைப் பழக்கிவிட்டு, இவள் ஏன் இயந்திரம் போல எழுதுகிறாள் என்று கேட்டிருக்கிறோம்.

"ஏதாவது கருவி பயன்படுத்தினீங்களா? ஒளிக்காம சொல்லுங்க," என்றேன்.

"முதல்ல வர்ற சுருக்கத்தை மட்டும் போன்ல ஸ்பெல்லிங் பாத்தேங்க. அது தப்புங்களா?"

எங்கள் இதழின் விதிப்பக்கத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எது கூடாது, எதைச் சொல்லிவிட்டுச் செய்யலாம் என்று நான் எழுதி வைக்கவே இல்லை. இல்லாத விதியை மீறியதாக ஓர் ஆளை வேலையை விட்டு அனுப்ப வைத்திருக்கிறேன்.

பதினான்காவது மேற்கோளைக் கேட்டேன். இரண்டாயிரத்து ஒன்பதில் இதே டவுன்ஷிப்பில் நடந்த ஒரு கருத்தரங்கின் தொகுப்பு. இணையத்தில் ஏறவே ஏறாத புத்தகம். என் முதுகுக்குப் பின்னால் இருந்த பீரோவில் அது இருந்தது. நாற்பத்தெட்டாம் பக்கத்தில் அவர் சொன்ன அட்டவணையும் இருந்தது. தேடி எடுக்க எனக்குப் பத்து நிமிடம் ஆயிற்று. அந்தப் பத்து நிமிடத்தை ஜனவரியில் செலவு செய்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

அவர் போனதும் இரண்டாம் மதிப்பாய்வாளருக்குப் போன் செய்தேன். அவர் பெயரை வளர்மதியிடம் நான் சொல்லவில்லை, இங்கேயும் சொல்லப் போவதில்லை. மதிப்பாய்வாளரின் பெயர் காக்கப்பட வேண்டியது, தப்பு செய்தாலும்.

"எந்தெந்த இடம் சந்தேகம்னு வரியோட சொல்லுங்க," என்றேன்.

"மொத்தமா ஒரு ஃபீலிங் சார். அதான் சைட்ல போட்டுப் பாத்தேன்."

"எதைப் போட்டீங்க?"

"முழுக் கட்டுரையையும்தான்."

வெளிவராத கட்டுரை, நம்பி அனுப்பியது. அதை முகம் தெரியாத யாரோ நடத்தும் இணையதளத்தில் ஏற்றியிருக்கிறார். அதை அழிக்க வழியிருந்தால் அழித்துவிடச் சொன்னேன். இனி அப்படிச் செய்யக்கூடாது என்றும் சொன்னேன். அவர் கோபப்பட்டார். "இந்த வருஷம் மட்டும் ஆறு போலி பிடிச்சிருக்கேன் சார். நாங்க சந்தேகப்படவே கூடாதா?" என்றார். படலாம், படத்தான் வேண்டும், ஆனால் சந்தேகத்துக்குக் கை கால் காட்ட வேண்டும் என்றேன். கண் முன்னால் உள்ள எண்கள் தப்பா, மேற்கோள் பொய்யா, ஒரு பத்திக்கும் அடுத்ததற்கும் முரண்பாடா, அதைச் சொல்லுங்கள். சதவீதம் சாட்சி சொல்லாது. அலுவலக அச்சில் ஆங்கிலம் கற்ற எங்கள் பிள்ளைகளைத்தான் அது முதலில் பிடிக்கும். அவர் போனை வைத்துவிட்டார். அவரிடம் பேசியதில் பாதி எனக்கு நானே சொல்லிக்கொண்டது.

மறுநாள் நான் கடிதம் எழுதினேன். இந்த முறை என் கையாலேயே. என் பிப்ரவரி கடிதம் தவறானது, நிரூபிக்கப்படாத சந்தேகத்தை முடிவாக எழுதினேன், எழுதியவரிடம் கேட்டும் மூலக் குறிப்புகளைப் பார்த்தும் சந்தேகத்துக்கு ஆதாரம் இல்லை என்று கண்டேன், கடிதத்தைத் திரும்பப் பெறுகிறேன். நெடுமாறனுக்கு அனுப்பினேன். மேனேஜருக்கு நேரில் எடுத்துப் போனேன். அவர் படித்துவிட்டு மடித்து வைத்தார்.

"சந்தோஷம் சார். ஆனா அந்த இடத்துக்கு வேற ஆள் போட்டாச்சே."

"தப்பு என்னோடதுங்க. அந்தப் பொண்ணு மேல ஒண்ணுமில்ல."

"நான் எங்க ஒண்ணு இருக்குன்னு சொன்னேன்? நீங்கதானே எழுதினீங்க," என்றார் அவர். அதற்குமேல் அங்கே உட்கார எனக்குத் துணிவில்லை.

மீதியிருந்தது கட்டுரை. சந்தேகம் போய்விட்டது என்பதற்காக ஏற்றுக்கொள்ள முடியாது. அறிவியல் சரியா என்று இன்னொருவர் பார்க்க வேண்டும். இரண்டாமவரின் அறிக்கையில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. புதிய மதிப்பாய்வாளர் ஒருவருக்கு மார்ச் பன்னிரண்டாம் தேதி அனுப்பினேன். முன்பு எழுந்த சந்தேகத்தைப் பற்றி அவரிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொன்னால் அதே கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் படிப்பார். இரண்டு வாரம் கேட்டார்.

அந்த இரண்டு வாரம் நான் பட்ட பாட்டைத் தனபாக்கியத்திடம் கேட்க வேண்டும். சோறு இறங்கவில்லை. பல்கலைக்கழகத்துக்கு மூன்று முறை போன் செய்தேன். விதி என்றார்கள். நான் எழுதிய கடிதத்தைக் காட்டி ஒரு வாரம் கேட்கலாமா என்று நெடுமாறனிடம் கெஞ்சினேன். அவர் எழுதிக் கேட்டார். அதற்கும் விதிதான் பதிலாக வந்தது. இருபத்தாறாம் தேதி வரை அறிக்கை வரவில்லை. இருபத்தெட்டாம் தேதி மதிப்பாய்வாளரை அழைத்தபோது, அம்மா ஆஸ்பத்திரியில் இருப்பதாகச் சொன்னார். அவரை என்ன சொல்வது?

முப்பதாம் தேதி மதியம் கம்மாபுரத்துக்குப் போனேன். வளர்மதி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். வீராயி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "வூட்டுக்குள்ள வாங்க சார்," என்றார். நான் வெளியிலேயே நின்றேன்.

"வளர்மதி, நான் ஆசிரியர். இன்னிக்கே ஏத்துக்கிட்டதா லெட்டர் தர்றேன். முதல் ரிவ்யூவர் ஏற்கெனவே சரின்னுட்டாரு. மீதியை அப்புறம் பாத்துக்கலாம்."

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிடத்தில் அதைச் செய்துவிடுவேன். ஒழுங்கு முறை எல்லாம் எனக்கு ஒரு பொருட்டாகத் தோன்றவில்லை.

அவர் முறத்தைக் கீழே வைத்தார். முகம் கோணி, கண் நிறைந்தது. அன்றுதான் அவர் அழுது பார்த்தேன்.

"வேணாங்க சார். இப்பவே ஊர்ல மிஷின் வச்சி எழுதினவன்னு பேசிகினு இருக்காங்க. நாளைக்கு எடிட்டர் பாவம் பாத்து குடுத்தாருன்னும் பேசுவாங்க. எங்கப்பா மண்ணள்ளிப் படிக்க வச்சாரு. ரெண்டாவது ஆளு படிச்சிட்டு சரின்னு சொல்லட்டும். இல்ல தப்புன்னு சொல்லட்டும்."

"தேதி போயிடுமேம்மா."

"போவட்டுங்க," என்றார். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். வீராயிக்கு நாங்கள் பேசியது புரியவில்லை. மகள் அழுவது மட்டும் புரிந்தது. என்னைப் பார்த்த பார்வையில் திட்டு எல்லாம் இருந்தது.

முப்பத்தொன்று போனது. அறிக்கை ஏப்ரல் இரண்டாம் தேதி வந்தது. மூன்று பக்கம். இரண்டு கிணறுகளைப் பற்றிய விளக்கம் நல்ல கண்டுபிடிப்பு, ஓர் அட்டவணையில் அலகு விட்டுப்போயிருக்கிறது, முடிவுரையைச் சுருக்கலாம், போடத் தகுந்தது. ஆங்கிலம் பற்றி ஒரே வரி: வறண்டது, ஆனால் தெளிவானது. வளர்மதி இரண்டு நாளில் திருத்தி அனுப்பினார். ஸ்பெல்லிங் பார்த்த விவரத்தையும் ஒரு வரியாகச் சேர்த்திருந்தார். ஏப்ரல் ஆறாம் தேதி ஏற்றுக்கொண்டோம். ஆறு நாள் தாமதம். பல்கலைக்கழகத்தில் அதற்குள் பதிவு ரத்து ஆகியிருந்தது.

விதிப்பக்கத்தை எழுதினேன். மதிப்பாய்வாளர் கட்டுரையை எந்தத் தளத்திலும் ஏற்றக்கூடாது, சந்தேகம் இருந்தால் வரியைக் காட்ட வேண்டும், ஆசிரியர் முதலில் தானே சரிபார்க்க வேண்டும், எழுதியவரிடம் குற்றம் சாட்டாமல் கேட்க வேண்டும், விளக்கம் திருப்தி தராவிட்டால்தான் அவர் நிறுவனத்துக்குப் போக வேண்டும். மருதாசலம் அதை அழகாக அடித்துச் சுவரில் ஒட்டினார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

ஜூன் மாதம் அச்சுப்படி தயாரானது. திருத்திக் கொடுக்க வளர்மதி வந்தார். இப்போது சேத்தியாத்தோப்பில் ஓர் உரக்கடையில் பில் போடுகிறார். பஸ்ஸில் வந்து இறங்கி, கைக்குட்டையால் முகம் துடைத்து, நாற்காலியில் உட்கார்ந்து, பக்கம் பக்கமாகப் படித்தார். எண்கள் எல்லாம் சரி. ஓர் இடத்தில் கமாவை மாற்றினார். பிறகு முதல் பக்கத்துக்குத் திரும்பி வந்து பேனாவை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.

அவர் பெயருக்குக் கீழே இரண்டு வரி அச்சாகியிருந்தது. முதல் வரியில் பகுதிநேர ஆய்வாளர் என்று பல்கலைக்கழகத் துறையின் பெயர். இரண்டாவதில் பரிசோதனைக் கூடத்தின் பெயர்.

"இது இருக்கலாங்களா சார்?"

"இருக்கலாம்மா. வேலை நடந்த காலத்துல எங்க இருந்தீங்களோ அதைப் போடறதுதான் முறை."

"அவங்க கேட்டா?"

"நான் பதில் சொல்றேன்."

அவர் என்னைப் பார்த்தார். நான் பதில் சொன்ன லட்சணம் அவருக்குத் தெரியாததா? முதல் வரியின் மேல் ஒரு கோடு போட்டார். இரண்டாவது வரியின் மேலும் ஒரு கோடு போட்டார். ஓரத்தில், ஷிப்ட் பதிவேட்டில் எழுதுகிற அதே திருத்தமான ஆங்கில எழுத்தில், கம்மாபுரம் என்று மட்டும் எழுதித் தாளை என்னிடம் நீட்டினார்.